பச்சைக் கொட்டையிலிருந்து ஹவுஸ் எஸ்பிரெசோ பிளெண்ட்: எதை வறுக்கும் முன்பே கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது

18 கிராம் வறுத்த காப்பிக் கொட்டையை நிறுத்து ஒரு தட்டில் கொட்டி எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது 143 வந்தது. கொட்டை பெரிதாக இருந்தால் கொஞ்சம் குறையும், சிறிதாக இருந்தால் கூடும், ஆனால் 140 பக்கம்தான் நிற்கும். ஒரு எஸ்பிரெசோ ஷாட் என்பது அவ்வளவுதான், 140 கொட்டை. உங்கள் கலவையில் ஏதோ ஒரு அபூர்வக் காப்பியை 5 சதவீதம் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் ஒரு ஷாட்டுக்கு அது 7 கொட்டை. எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் ஒரு ஷாட்டில் 3 விழும், அடுத்ததில் 11 விழும். குடிப்பவருக்கு இரண்டும் வேறு காப்பி. அதனால் நான் 20 சதவீதத்துக்குக் குறைவாக எதையும் சேர்ப்பதில்லை, மூன்று வகைக் கொட்டைக்கு மேல் போவதும் இல்லை. 20 சதவீதம் என்றால் 28 கொட்டை, அதில் நாலைந்து கூடினாலும் குறைந்தாலும் நாக்கு கண்டுபிடிக்காது.

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் 2 கிலோ டிரம் ரோஸ்டர் வைத்து வறுக்கிறேன். கோவையிலும் பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் இருக்கும் சில காப்பிக் கடைகளுக்கு இந்த ஒரே கலவைதான் போகிறது. அதை எப்படிக் கட்டினேன், எங்கே கெடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எல்லாம் நம் பக்கத்துக் கொட்டைதான், வெளிநாட்டுப் பச்சைக் கொட்டைக்குக் கட்டும் வரியைப் பார்த்தால் தினசரிக் கலவைக்கு அது கட்டுப்படியாகாது.

முதலில்: இந்தக் கலவை யாருக்கு

எங்கள் ஊர்க் கடைகளில் பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் பாலோடுதான் கேட்பார்கள். கப்புச்சினோ என்று பெயர் சொன்னாலும் மனதில் இருப்பது வீட்டு ஃபில்டர் காப்பியின் கனம். மீதி இரண்டு பேர் வெறும் ஷாட்டோ அமெரிக்கானோவோ குடிப்பவர்கள், அவர்களுக்குக் கசப்பு முகத்தில் அடிக்கக் கூடாது. ஆகவே கலவைக்கு இரண்டு பரீட்சை: 18 கிராம் போட்டு 28 விநாடியில் 36 கிராம் எடுத்த ஷாட் தனியாகக் குடிக்க இனிப்பாக இருக்க வேண்டும், அதே ஷாட் 130 மில்லி பாலில் போனாலும் காணாமல் போகக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எழுதி வைக்காவிட்டால் ருசி பார்க்கும் கப்பிங் மேசையில் எது அதிகமாக மணக்கிறதோ அதன் பின்னால் போய்விடுவீர்கள், நானும் போயிருக்கிறேன்.

மூன்று கொட்டை, மூன்று வேலை

ஒன்று, இனிப்பும் லேசான புளிப்பும் தரும் அடிக்கொட்டை. நான் எடுப்பது ஏற்காட்டுப் பிளான்டேஷன் ஏ, அதாவது பழத்தோலை உரித்துக் கழுவிக் காயவைத்த அராபிகா. தனியாகக் குடித்தால் சுத்தமாக இருக்கும், எலுமிச்சைத் தோல் வாசம், பின்னால் நாட்டுச்சர்க்கரை. ஆனால் எஸ்பிரெசோவில் தனியாக நின்றால் ஒல்லியாகத் தெரியும்.

இரண்டு, சதை கொடுப்பது. சிக்கமகளூர் அராபிகா செர்ரி, பழத்தோடே காயவைத்து உடைத்தது. இதில் உலர்ந்த பேரீச்சை, பலாச்சுளை வாசம் வரும், வாயில் கனமாக நிற்கும். வாங்கும்போது கவனம் வேண்டியது இதில்தான். களத்தில் ஈரத்தோடு குவிந்து கிடந்த சரக்கு என்றால் பச்சையிலேயே முகர்ந்தால் புளித்த மாவு வாடை வரும், அது வறுவலில் போகாது. ஒரு கைப்பிடியை மூடிய டப்பாவில் வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துத் திறந்து முகர்ந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மூன்று, அடித்தளமும், ஷாட்டின் மேல் நிற்கும் நுரையான க்ரீமாவும். வயநாட்டு ரோபஸ்டா பார்ச்மென்ட் ஏபி, இதுவும் கழுவிக் காயவைத்தது. ரோபஸ்டா என்றதும் மலிவுக்குச் சேர்ப்பது என்று முகம் சுளிப்பவர்கள் செர்ரி ரோபஸ்டாவைக் குடித்துவிட்டுச் சொல்கிறார்கள். கழுவிய ரோபஸ்டா வேறு, நல்ல சரக்கில் ரப்பர் வாடை இருக்காது, வறுத்த நிலக்கடலையும் கொக்கோவும்தான் முன்னால் வரும். அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் இருப்பதால் கசப்பு உண்டு, அந்தக் கசப்புதான் பாலைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது.

பச்சையை அளப்பது

மூட்டை வந்ததும் மூன்று வேலை. 300 கிராம் எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிக் கறுப்புக் கொட்டை, உடைசல், பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்குவது. ஈரப்பத மீட்டரில் பார்ப்பது, 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது அடர்த்தி, இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். அரை லிட்டர் பால் அளவை ஒன்றை எடுத்து, கொட்டையைக் குலுக்காமல் மேலிருந்து ஊற்றி, தலைதட்டி நிறுங்கள். என் சரக்கில் ஏற்காடு 352 கிராம், சிக்கமகளூர்ச் செர்ரி 345, ரோபஸ்டா 371. இந்த எண்ணைவிட எண்களுக்கு நடுவிலுள்ள தூரம்தான் முக்கியம். ஏற்காடும் சிக்கமகளூரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ரோபஸ்டா தள்ளி நிற்கிறது. எதை எதோடு பச்சையில் கலக்கலாம் என்பதற்கு முதல் துப்பு இதுதான்.

இந்த அளவையை நான் கற்றுக்கொண்டதே ஒன்றரைக் கிலோ பாழான பிறகு. ஆரம்பத்தில் செர்ரிக்குப் பதிலாக மான்சூன்ட் மலபார் போட்டேன். மங்களூர்க் கரையோரம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காற்றில் பரப்பி வைத்து ஊதவைத்த கொட்டை அது, வெளிர் மஞ்சளாக, பெரிதாக, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். புளிப்பே இல்லாத கனம், எஸ்பிரெசோவுக்கு அருமையான சரக்கு. அதையும் பிளான்டேஷன் ஏவையும் பச்சையிலேயே கலந்து ஒரே டிரம்மில் போட்டேன். பிளான்டேஷன் ஏவுக்குத் தேவையான சூட்டில் ஏற்றியதால் மலபார் கொட்டைகள் முனை கருகி, வயிற்றில் வட்டமாகச் சுட்ட தழும்போடு வந்தன. அடுத்த முறை சூட்டைக் குறைத்தேன், மலபார் தப்பித்தது, பிளான்டேஷன் ஏ வெந்தும் வேகாமல் ரொட்டி வாசத்தோடு சப்பென்று போனது. நடுவில் ஒரு சூடு கிடைக்கும் என்று மூன்றாவது முறையும் பார்த்தேன், இரண்டுமே அரைகுறை. ஒரே டிரம்முக்குள் இரண்டு கொட்டைக்கும் இரண்டு வெப்பம் கொடுக்க முடியாது, அளவையில் மலபார் 300 கிராம்கூடத் தொடவில்லை என்பதைப் பிறகுதான் நிறுத்துப் பார்த்தேன். கருகிய பேட்ச்சை அரைத்துச் சிக்கரி சேர்த்து வீட்டில் ஒரு மாதம் ஃபில்டரில் குடித்துத் தீர்த்தோம், அது தனிக் கதை. மலபார்தான் வேண்டும் என்றால் தனியாக, குறைந்த சூட்டில் ஆரம்பித்து மெதுவாக வறுத்து, ஆறியபின் கலந்துகொள்ளுங்கள்.

தனித்தனியாக ஒரு வறுவல்: முடிவு இங்கேதான்

அடர்த்தியும் ஈரமும் துப்பு மட்டும்தான், தீர்ப்பு டிரம்மில். மூன்றையும் ஒரே நாளில், ஒரே எடை 1 கிலோ, கொட்டையைப் போடும்போது டிரம்மில் ஒரே சார்ஜ் சூடு, ஒரே கேஸ் அளவு, ஒரே காற்று என்று வைத்துத் தனித்தனியாக வறுங்கள். முதல் பேட்ச் எப்போதும் டிரம் சரியாகச் சூடேறாமல் வித்தியாசமாக வரும், அதற்கு ஏதாவது பழைய கொட்டையைப் போட்டு ஓட்டிவிட்டு அப்புறம் இந்தச் சோதனையை ஆரம்பியுங்கள். வேகமாக வறுக்க வேண்டும், மெதுவாக வறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கொட்டைக்கும் உங்களுக்குத் தெரிந்த ரகசியங்களை இப்போது காட்டாதீர்கள். ஒரே நெருப்பில் மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்குத்தான் இது.

குறித்துக்கொள்ள வேண்டியது மூன்றே மூன்று: கொட்டை சூட்டில் முதன்முதலாக வெடிக்கும் முதல் கிராக் எத்தனையாவது நிமிடத்தில் ஆரம்பித்தது, அப்போது கொட்டைச் சூடு எவ்வளவு, இறக்கியபின் எடை எவ்வளவு குறைந்தது. என் நோட்டில் இருப்பது:

ஏற்காடு 9 நிமிடம் 5 விநாடி, 197 டிகிரி, இழப்பு 15 சதவீதம்.
சிக்கமகளூர் 8 நிமிடம் 50 விநாடி, 195 டிகிரி, இழப்பு 16 சதவீதம்.
வயநாடு ரோபஸ்டா 9 நிமிடம் 50 விநாடி, 201 டிகிரி, இழப்பு 14 சதவீதம்.

இந்த டிகிரிகளை அப்படியே உங்கள் மெஷினில் தேடாதீர்கள். கொட்டைச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் எங்கே செருகியிருக்கிறது, எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து 5, 6 டிகிரி சாதாரணமாக மாறும். பார்க்க வேண்டியது இடைவெளி. இரண்டு அராபிகாவுக்கும் நடுவில் 15 விநாடி, 2 டிகிரி. கிராக்குக்குப் பிறகு இரண்டு நிமிடம் ஓடப்போகும் வறுவலில் 15 விநாடியைத் தாங்கிக்கொள்ளலாம். ரோபஸ்டாவோ செர்ரியிலிருந்து ஒரு முழு நிமிடம் பின்னால் நிற்கிறது. இதை அவற்றோடு கலந்து போட்டால், அராபிகாவுக்குக் கிராக்குக்குப் பிறகு இரண்டு நிமிடம் கிடைக்கும்போது ரோபஸ்டாவுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். வெளியே பழுப்பாகத் தெரியும், உள்ளே பச்சை வைக்கோல். அந்த ரோபஸ்டாதான் வேகாத தானிய வாடையையும் நாக்கை இழுக்கும் துவர்ப்பையும் கொடுக்கும்.

நான் வைத்திருக்கும் எல்லை 20 விநாடி, 3 டிகிரி. அதற்குள் நின்றால் பச்சையில் கலக்கலாம், தாண்டினால் தனி. இது சாஸ்திரம் இல்லை, என் டிரம்மில் என் நாக்குக்கு ஒத்துவந்த கோடு. இத்தாலியில் எல்லாவற்றையும் பச்சையிலேயே கலந்து வறுக்கும் பழக்கம் உண்டு, நன்றாகவே குடிக்கிறார்கள். ஆனால் அங்கே அடர்வறுவல், எல்லாக் கொட்டையும் இரண்டாவது கிராக் பக்கம் வரை போவதால் இந்த ஒரு நிமிட வித்தியாசம் அமுங்கிப்போகிறது. நடுத்தர வறுவலில் அது ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஆக என் முடிவு: இரண்டு அராபிகாவும் பச்சையில் கலந்து ஒரே டிரம்மில், ரோபஸ்டா தனியாக வறுத்து ஆறியபின் சேர்ப்பது.

இதில் என்ன லாபம் என்று கேட்டால், 10 கிலோவுக்கு ஒரு பேட்ச்தான் மிச்சமாகிறது, பெரிய விஷயம் இல்லை. உண்மையான லாபம் இரண்டு. பதினோரு நிமிடம் டிரம்மில் உருண்டு கலப்பதைப் போல எந்தக் கையாலும் கலக்க முடியாது. அப்புறம், எல்லாவற்றையும் தனியாக வறுத்தால் வாரக் கடைசியில் இதில் 200 கிராம் அதில் 300 கிராம் என்று வறுத்த மிச்சம் நின்று பழசாகும், அது குறைகிறது. நஷ்டமும் உண்டு: விகிதத்தைப் பிறகு மாற்ற முடியாது, கலவை கெட்டால் எந்தக் கொட்டை கெடுத்தது என்றும் தெரியாது. அதனால்தான் விகிதம் முடிவாகும் வரை எதையும் பச்சையில் கலக்கக் கூடாது.

விகிதம் பிடிப்பது

வறுத்து ஏழு நாள் போகட்டும். மூன்றாம் நாளே எஸ்பிரெசோ எடுத்தால் கொட்டைக்குள் இருக்கும் வாயு க்ரீமாவைப் பொங்கவைத்து எல்லாவற்றையும் நன்றாகக் காட்டும், ஷாட்டும் ஒழுங்காக இறங்காது.

முதலில் ஒவ்வொரு கொட்டையையும் தனித்தனியாக, அதற்கேற்ற அரைப்பில், 18க்கு 36 என்று எடுத்து மூன்று டம்ளரில் வையுங்கள். சின்னத் தராசில் ஒரு வெற்று டம்ளரை வைத்து ஸ்பூனால் 9 கிராம் ஏற்காடு, 7 கிராம் சிக்கமகளூர், 4 கிராம் ரோபஸ்டா ஊற்றிக் குடியுங்கள். இது 45க்கு 35க்கு 20. அடுத்த டம்ளரில் 11, 5, 4. அதற்கடுத்து 8, 6, 6. இப்படி அரை மணி நேரத்தில் ஆறேழு விகிதம் பார்த்துவிடலாம், கொட்டை செலவே ஆகாது. குறை என்னவென்றால், ஒன்றாக அரைத்தால் எல்லாக் கொட்டையும் ஒரே அளவில்தான் அரைபடும், ரோபஸ்டா தனக்குப் பிடித்த அரைப்பில் தந்த சுவையைக் கலவையில் அப்படியே தராது. அதனால் இதை வைத்து நல்லதாகத் தெரிந்த இரண்டு விகிதத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு, வறுத்த கொட்டையாக 200 கிராம் வீதம் கலந்து அசல் ஷாட் எடுக்க வேண்டும்.

என் மேசையில் நடந்தது இது. ரோபஸ்டா 10 சதவீதத்தில் வெறும் ஷாட் ரொம்ப நன்றாக இருந்தது, பாலில் ஊற்றியதும் சூடான பால்தான் மிஞ்சியது. 30 சதவீதத்தில் பாலில் ராஜா, தனியாகக் குடித்தால் தார். 20ல் இரண்டும் நடந்தது. இதை நிறுத்திக்கொண்டு மீதி 80ஐ இரண்டு அராபிகாவுக்கும் பிரித்தேன். செர்ரி 50 போனபோது முதல் வாய் பலாப்பழம் மாதிரி அபாரமாக இருந்தது, மூன்றாவது வாயில் திகட்டியது. தினமும் குடிக்கும் காப்பியில் அந்த மூன்றாவது வாய்தான் முக்கியம். 35ல் அந்த வாசம் பின்னால் போய் கனம் மட்டும் நின்றது. கவுந்தப்பாடிச் சர்க்கரை போட்ட கடலைமிட்டாய் மாதிரி ஒரு முடிவு, பாலில் அது இன்னும் தெளிவு. 45:35:20 என்று எழுதிக்கொண்டேன்.

ருசி பார்க்கும்போது ஒரு பழக்கம் சொல்கிறேன், வெறும் ஷாட்டைச் சூடாகவும், பத்து நிமிடம் ஆறியபின்னும் குடியுங்கள். சூட்டில் ஒளிந்திருக்கும் துவர்ப்பும் புளித்த வாடையும் ஆறியதும் வெளியே வரும்.

பச்சைக் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாம் பிடித்த விகிதம் வறுத்த கொட்டைக்கானது, பச்சை வேறு எடை, ஒவ்வொன்றும் வேறு அளவு குறைகிறது. 10 கிலோ வறுத்த கலவை வேண்டும் என்றால்:

ஏற்காடு 4.5 கிலோ, 15 சதவீதம் இழப்பு, ஆகவே 4.5ஐ 0.85ஆல் வகுக்க 5.29 கிலோ பச்சை.
சிக்கமகளூர் 3.5 கிலோ, 0.84ஆல் வகுக்க 4.17 கிலோ.
ரோபஸ்டா 2 கிலோ, 0.86ஆல் வகுக்க 2.33 கிலோ.

இரண்டு அராபிகாவும் சேர்ந்து 9.46 கிலோ. என் டிரம்முக்கு இதை ஆறு பேட்ச்சாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏற்காடு 882 கிராம், சிக்கமகளூர் 695 கிராம். ரோபஸ்டா இரண்டு பேட்ச், ஒன்றுக்கு 1,165 கிராம்.

ஒட்டுமொத்த 9.46 கிலோவையும் ஒரு பெரிய பீப்பாயில் கலந்துவிட்டு அதிலிருந்து மொண்டு மொண்டு போடாதீர்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனியாக நிறுங்கள், பத்து நிமிட வேலைதான். நிறுத்த இரண்டையும் ஒரு பக்கெட்டிலிருந்து இன்னொரு பக்கெட்டுக்கு, காப்பி ஆற்றுகிற மாதிரி, ஐந்தாறு முறை மாற்றி ஊற்றினால் போதும், மீதியை டிரம் பார்த்துக்கொள்ளும். கலந்த பச்சையை மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதும் வேண்டாம். இரண்டின் ஈரப்பதமும் ஒன்றையொன்று இழுத்து நடுவில் வந்து நிற்கும், அதற்குப் பிறகு எதையும் தனியாக அளக்க முடியாது.

வறுக்கும் நாள்

அராபிகாக் கலவையை 190 டிகிரியில் போடுகிறேன். செர்ரி கலந்திருப்பதால் ஆரம்பச் சூட்டை இதற்கு மேல் ஏற்றுவதில்லை. பழத்தோடு காய்ந்த கொட்டையின் மேல்தோல் சீக்கிரம் கருகும், சவ்வும் அதிகம் பறக்கும். ஆறு பேட்ச் ஓட்டும் நாளில் நடுவில் ஒருமுறை சவ்வுப் பெட்டியைத் தட்டிக் காலி செய்யாவிட்டால் காற்றோட்டம் குறைந்து கடைசி இரண்டு பேட்ச்சில் புகை வாடை ஏறும். கிராக் 9 நிமிடம் பக்கம் சிதறலாக ஆரம்பிக்கும், ஒரே கொட்டை மாதிரி படபடவென்று கூட்டமாக வெடிக்காது, முதலில் செர்ரி நாலைந்து, பிறகு மொத்தமாக. கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால் கூட்டமாக வெடிக்க ஆரம்பிக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு நிமிடம், 212 டிகிரி, இறக்கம்.

ரோபஸ்டாவுக்கு அவசரம் ஆகாது. கிராக்கை 10 நிமிடத்துக்கு மேல் தள்ளி, அதற்குப் பிறகு இரண்டரை நிமிடம் கொடுக்கிறேன், அராபிகாவைவிட நிறத்தில் ஒரு சாயல் அடர்த்தி. கொட்டையில் எண்ணெய் மினுங்கினால் போதும்போதும் என்று அர்த்தம், தாண்டிவிட்டீர்கள்.

ஒவ்வொரு அராபிகா பேட்ச்சிலும் கூலிங் ட்ரேயிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வெயிலில் வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். நிறம் கொஞ்சம் கலவையாகத்தான் இருக்கும், செர்ரியின் நடுக்கோடு எப்போதும் பழுப்பாகவும் பிளான்டேஷனின் கோடு வெளிறியும் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோட்டை வைத்தே இரண்டையும் பத்துப் பத்தாகப் பொறுக்கி, தனித்தனியாக அரைத்து, தூளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தூளின் நிறம் ஒன்றாக இருந்தால் சரி. ஒன்று தெளிவாக வெளிறி இருந்தால் இந்த இரண்டும் இனி ஒரே டிரம்மில் போகக் கூடாது, இடையில் எதன் ஈரமோ மாறியிருக்கிறது.

அப்புறம் ஆறிய அராபிகாவில் ரோபஸ்டாவைச் சேர்ப்பது. இதில் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பொள்ளாச்சிக் கடைக்காரர் போனில், "ஏனுங்ண்ணா, காலைல போட்டது நல்லா இருந்துச்சுங். மத்தியானத்துக்கு மேல வேற காப்பியாட்ட இருக்குதுங். மிஷின்ல கோளாறுங்களா?" என்றார். மிஷினில் ஒன்றும் இல்லை. அவசரத்தில் 5 கிலோப் பையில் அராபிகாவைக் கொட்டி மேலே ரோபஸ்டாவைப் போட்டுப் பையை இரண்டு குலுக்குக் குலுக்கி அனுப்பியிருந்தேன். மேல்பாதியில் ரோபஸ்டா மொத்தமும், கீழ்ப்பாதியில் பெயருக்கு. இப்போது 2 கிலோ அராபிகாவுக்கு 500 கிராம் ரோபஸ்டா என்று சின்னச் சின்னதாக நிறுத்து, அகலமான பாத்திரத்தில் கையால் அடியிலிருந்து புரட்டி, உடனே கால் கிலோ, ஒரு கிலோ பைகளில் அடைக்கிறேன். பெரிய பையில் போட்டு வண்டியில் ஏற்றினால், வழியிலேயே குலுங்கிச் சின்னக் கொட்டை அடிக்கு இறங்கும். கிரைண்டரின் மேல் கொட்டையைப் போட்டு வைக்கும் ஹாப்பரிலும் இதே கதை நடக்கும் என்பதால் கடைக்காரர்களிடம் ஹாப்பரைக் கழுத்து வரை நிரப்பாமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஆகும் அளவு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.

கலவை சரி, கடையில் சரியில்லை என்றால்

இரண்டு விஷயம் பாருங்கள், தண்ணீரும் மூட்டையும்.

நான் விகிதம் பிடித்தது சிறுவாணித் தண்ணீரில். அது எவ்வளவு மென்மை என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கலவை பல்லடத்துக் கடையில் போர்த் தண்ணீரில் அட்டை மாதிரி இருந்தது, ஏற்காட்டின் புளிப்பு முழுக்கச் செத்துப்போய் ரோபஸ்டாவின் கசப்பு மட்டும் நின்றது. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் புளிப்பைத் தின்றுவிடும். அங்கே போய் ஏற்காட்டை 60க்கு ஏற்றுவது தப்பான வைத்தியம். ஆர்ஓ வைத்தார்கள், இப்போது டிடிஎஸ் 20க்கு விழுந்து ஷாட் கூர்மையாக, தண்ணியாக வந்தது. ஆர்ஓவில் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் வால்வைத் திறந்து 100 பக்கம் நிறுத்தியதும் கலவை நான் குடித்தபடியே வந்தது. விகிதத்தில் ஒரு கிராம்கூட மாற்றவில்லை.

மூட்டை விஷயம், தென்மேற்குப் பருவம் ஆரம்பித்துப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்தால் சணல் சாக்கில் இருக்கும் பச்சைக் கொட்டை அதைக் குடிக்கும். ஒரு ஜூலையில் என் செர்ரி 11லிருந்து 11.9க்கு ஏறியிருந்தது, உள்பை போட்டிருந்த ஏற்காடு நகரவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த 15 விநாடி 35 ஆனது, தூள் நிறம் பிரிந்தது. அந்த மாதம் முழுக்க மூன்றையும் தனித்தனியாகத்தான் வறுத்தேன். இப்போது எல்லாமே காற்றுப் புகாத உள்பையில்தான் இருக்கிறது, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீட்டர் வைக்கிறேன்.

கடைசியாகப் புதுச் சரக்கு. அராபிகா நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு, ரோபஸ்டா அதற்குப் பின்னால். தோடு நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் முடிந்து கைக்கு வரக் கோடை ஆகிவிடும். பழைய சரக்கு அதற்குள் நிறம் வெளுத்துச் சாக்கு வாடை பிடிக்க ஆரம்பித்திருக்கும், புதுசு துள்ளும். ஒரே நாளில் மாற்றினால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு கொட்டையை மட்டும் மாற்றுங்கள், அதிலும் முதல் வாரம் அந்தக் கொட்டையின் பங்கில் கால்வாசி புதுசு, அடுத்த வாரம் பாதி என்று. பழைய கலவையில் 200 கிராமை இறுக்கமாக அடைத்து ஃப்ரீசரில் வைத்திருந்தால் ஒரு மாதம் வரை பக்கத்தில் வைத்துக் குடித்து ஒப்பிடலாம். ஏற்காட்டில் அந்த வருடம் நல்ல சரக்கு கிடைக்கவில்லை என்றால் வேறு மலையிலிருந்து கழுவிய அராபிகா எடுப்பேன், ஆனால் அரை லிட்டர் அளவையில் 350 பக்கம் நிற்கிறதா, செர்ரியோடு 20 விநாடிக்குள் வெடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் கலப்பேன். போன வருடம் எடுத்த ஒரு சரக்கு கப்பில் ஏற்காட்டைவிட நன்றாகவே இருந்தது, 40 விநாடி தள்ளி வெடித்தது. அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, அதனால் அந்த சீசன் முழுக்க மூன்று டப்பா, மூன்று வறுவல், ஒன்பது பேட்ச்.